பேசின் என்றால் ஓய்வு

சலூனில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சார்ட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். யார் எந்த நாற்காலி, எத்தனை மணி வரை, யாருக்கு எப்போது சாப்பாடு, யார் பின்பக்கம் தலை அலசும் பேசினில் நிற்பது என்றெல்லாம் வாராவாரம் கட்டம் போட்டுச் சார்ட் எழுதிப் பின்னறைக் கதவில் ஒட்டுவது அவள் பொறுப்பு. பெயர் வைத்தவன் நெட்டை. ஆறடியைத் தாண்டிய ஆள். எல்லா நாற்காலிகளும் அவனுக்குக் குள்ளம். நாள் முழுக்கக் கேள்விக்குறிபோல வளைந்து நின்று முடி வெட்டுவான். "சார்ட்டக்கா மனசு வச்சா எனக்கு ரெண்டு மணிக்குச் சாப்பாடு, வைக்கலைன்னா நாலு மணிக்கு" என்பான். அவள் சிரிக்கமாட்டாள். ஆனால் அவனுக்கு எப்போதும் ஒன்றரைக்கே சாப்பாடு போட்டிருப்பாள்.

பதினெட்டு வருடம் நின்றே சம்பாதித்தவள். சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த பள்ளம் மறுநாள் காலைவரை காலில் தெரியும். வீட்டுக்குப் போனதும் சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு தரையில் படுப்பாள். பக்கத்தில் அதேபோல் இன்னொரு ஜோடிக் கால்கள் சுவரில் ஏறும். அவை தங்கையுடையவை.

தங்கை இவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். அம்மா போன பிறகு இவள்தான் வளர்த்தாள், இவள்தான் கத்தரி பிடிக்கக் கற்றுக்கொடுத்தாள், இவள்தான் முதலாளியம்மாவிடம் பேசி அதே சலூனில் சேர்த்துவிட்டாள். ஆறு வருடத்தில் கைவேலையில் தங்கை அக்காவைத் தாண்டிவிட்டாள். நெற்றி முடி வெட்டுவதில் அவளுக்கு நிகர் அந்தத் தெருவிலேயே கிடையாது. "உங்க தங்கச்சி இருக்காளா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வரும் வாடிக்கையாளர்கள் உண்டு. அப்படிக் கேட்பவர்களைச் சார்ட்டக்கா மற்றவர்களைவிடக் கொஞ்சம் நல்ல நாற்காலியில் உட்காரவைப்பாள்.

போன வருடத்தின் நடுவில் தங்கைக்குக் கால் வலி தொடங்கியது. மூன்று மணிக்கு மேல் கெண்டைக்கால் கல்லாகிவிடும். முழங்காலுக்குப் பின்னால் நீல நரம்பு ஒன்று முடிச்சுமுடிச்சாகக் கிளம்பியிருந்தது. ஒருநாள் சுவரில் கால் வைத்துப் படுத்திருந்தபோது, நாற்காலியைச் சுத்தி நிக்கறதுதான் தாங்கல என்று மெல்லச் சொன்னாள். அவள் எதையும் சட்டென்று சொல்லிவிடுபவள் இல்லை. அதனால் அக்காவுக்கு அன்று தூக்கம் பிடிக்கவில்லை.

அடுத்த வாரச் சார்ட்டில் தங்கையின் மதியங்களை முழுக்கப் பேசினுக்கு மாற்றினாள்.

அந்த சலூனில் பேசின் என்றால் ஓய்வு. யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது, எல்லோரும் நம்பினார்கள். சார்ட்டில் பேசின் கட்டங்களைச் சாப்பாட்டுக் கட்டத்தைப்போலவே மஞ்சளில் நிரப்புவது வழக்கம். காரணம் எளிது. வெளியே நாற்காலியில் நிற்கும்போது எதிரே ஆளுயரக் கண்ணாடி. வாடிக்கையாளரின் முகத்துக்கு மேலே உங்கள் முகம். சிரிப்பைத் தொங்கவிட முடியாது, தோளைத் தொங்கவிட முடியாது. பேசினில் கண்ணாடி கிடையாது. வாடிக்கையாளர் தலையை மல்லாத்தி வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். யாரும் உங்களைப் பார்க்கமாட்டார்கள். முகத்தைக் கழற்றி வைத்துவிட்டு வேலை பார்க்கலாம். முகத்துக்குக் கிடைத்த அந்த ஓய்வை உடம்புக்கும் கிடைத்ததாக அவர்கள் கணக்கு வைத்துக்கொண்டார்கள். பேசின் கிடைத்தவள் மற்றவர்களுக்கு டீ வாங்கித் தர வேண்டும் என்றுகூட ஒரு வழக்கம் இருந்தது.

தங்கைக்குக் கால் வலி குறைந்தது. அதுதான் வினையாகப் போயிற்று. பேசினுக்கும் அலமாரிக்கும் நடப்பது, துண்டு எடுப்பது, ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றுவது என்று கால்கள் அசைந்துகொண்டிருந்ததால் வீக்கம் கொஞ்சம் வடிந்தது. "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்றாள் அக்கா. இரண்டு மாதம் கழித்து இடுப்பில் பிடிப்பு என்றாள் தங்கை. தூக்கத்தில் ஏடாகூடமாகப் படுத்திருப்பாள் என்று அக்கா தைலம் தேய்த்தாள். காலையில் காலுறை போடக் குனிய முடியவில்லை என்றபோது, அவளுக்குக் காலை நாற்காலியையும் குறைத்து இன்னும் ஒரு மணி நேரம் பேசின் சேர்த்தாள். பாசத்தோடுதான் சேர்த்தாள். மஞ்சள் பேனாவை அழுத்தி அழுத்தி நிரப்பினாள்.

பள்ளிக்கூடங்கள் திறப்பதற்கு முந்திய வாரம். சலூனில் நிற்க இடமில்லை. கலர் பூசிய தலைகள் வரிசையாகக் காத்திருந்தன. சார்ட்டக்கா முன்பக்கம் ஒரு பெண்மணிக்கு டிரையர் போட்டுக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து தண்ணீர் ஓடும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. ரொம்ப நேரமாக ஒரே சீராக ஓடுகிறதே என்று நினைத்தாள். கை அசைந்தால் தண்ணீர்ச் சத்தம் மாறும். மாறவில்லை.

போய்ப் பார்த்தபோது தங்கை பேசின்மேல் குனிந்தபடியே நின்றிருந்தாள். ஒரு கை குழாயில், ஒரு கை வாடிக்கையாளரின் பின்கழுத்தில். நிமிர முடியவில்லை. அவள் முகத்திலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர் கண்ணை மூடியபடி, "காதுக்குள்ள தண்ணி போகுதும்மா" என்று சலித்துக்கொண்டார்.

தங்கை மிகவும் மெதுவாக, "அக்கா, தலைய நீ பிடிச்சுக்கோ. நான் விட்டா அவங்களுக்கு இடிச்சிரும்" என்றாள்.

அக்கா தலையைப் பிடித்துக்கொண்டாள். நெட்டை வந்து தங்கையை அப்படியே மடங்கிய வாக்கில் தூக்கிக்கொண்டு போய்ப் பின்னறை பெஞ்சில் ஒருக்களித்துப் படுக்கவைத்தான். சார்ட்டக்கா மீதிக் கலரை அலசி முடித்துவிட்டுத்தான் போனாள். பிறகு பல நாள் அந்த நான்கு நிமிடம் அவளை உறுத்தியது.

இடுப்புப் பக்கம் முதுகெலும்பு டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார் டாக்டர். வலது காலில் மரமரப்பு இருந்தது. படுத்தே கிடக்காதே, வலி தாங்கும் அளவுக்கு நட, பயிற்சி செய், ஒன்றரை மாதம் பார்ப்போம், கால் பலம் குறைந்தால் உடனே வா என்று சொல்லி பிசியோதெரபிக்கு அனுப்பினார். முதலாளியம்மா, ஆறு வாரம் நாற்காலியை வேறு யாருக்கும் தரமாட்டேன் என்றார். அதற்கு மேல் முடியாது என்பதையும் அதே மூச்சில் சொன்னார். இருவருக்கும் வீட்டில் பேச வேறு விஷயம் இல்லாமல் போயிற்று. ஆறு வாரத்தில் தங்கை அந்த நாற்காலிக்குப் பின்னால் நிற்க வேண்டும். அவ்வளவுதான் அவர்கள் வேண்டியது.

பிசியோதெரபிஸ்ட் அலட்டிக்கொள்ளாத நடுத்தர வயதுப் பெண். தங்கையைக் குப்புறப் படுக்கவைத்து விரலால் முதுகெலும்பை எண்ணிக்கொண்டே, ஒரு நாளைக்கு என்னென்ன வேலை, மணி மணியாகச் சொல்லுங்கள் என்றாள். சார்ட்டக்காவுக்கு இது கைவந்த விஷயம். போனில் வைத்திருந்த சார்ட் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். கொஞ்சம் பெருமையாகவே காட்டினாள். இவளுக்கு எவ்வளவு மஞ்சள் கொடுத்திருக்கிறேன் பாருங்கள் என்ற நினைப்பு.

"மஞ்சள்னா?"

"ரெஸ்ட்டுங்க. தலை அலசறது."

பிசியோதெரபிஸ்ட் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எப்படி அலசுவீர்கள், இந்தக் கட்டில் விளிம்பைப் பேசினாக வைத்துச் செய்து காட்டுங்கள் என்றாள். பேசின் சுவரை ஒட்டி இருக்கிறதா, தலைக்குப் பின்னால் போய் நிற்க முடியாதா என்று கேட்டாள். முடியாது, பக்கவாட்டில் நின்றுதான் கையை நீட்ட வேண்டும் என்றாள் சார்ட்டக்கா. அவள் குனிந்து, இடுப்பைத் திருப்பி, இரண்டு கைகளையும் நீட்டினாள். அப்படியே நில்லுங்கள் என்றாள் அந்தப் பெண். ஒரு தலைக்கு எவ்வளவு நேரம் ஆகும்? கலர் என்றால் பத்து நிமிடம். மதியத்தில் எத்தனை தலை? பன்னிரண்டு, பதினாலு. சார்ட்டக்காவின் முதுகு அதற்குள்ளேயே இழுக்க ஆரம்பித்திருந்தது.

"நிமிந்து நிக்கறதைவிட இது இடுப்புக்குப் பெரிய பாரம். குனியறது, திரும்பறது, கை நீட்டறது, மூணும் ஒண்ணா. கால் வலிக்குக் காலை அசைக்கணும், உட்காரணும். அதுக்குப் போய் பேசின்ல கொண்டாந்து விட்டிருக்கீங்க" என்றாள். குரலில் குற்றச்சாட்டு இல்லை. குளிரடிக்கிறது என்று சொல்வதைப்போலச் சொன்னாள்.

கட்டிலில் குப்புறக் கிடந்த தங்கையின் முகம் மறுபக்கம் திரும்பியிருந்தது. "கால் வலி கொறஞ்சுதுல்ல. அதான் நாங்க நம்பிட்டோம்" என்றாள் தலையணைக்குள்ளிருந்து. 'நாங்க' என்று சொன்னாளே, அதைத்தான் சார்ட்டக்காவால் தாங்க முடியவில்லை.

அன்றிலிருந்து அவள் வேறு ஆளாகிவிட்டாள். கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாள். மறுநாள் முதலாளியம்மாவிடம் போய் நின்றாள். பேசினைச் சுவரிலிருந்து தள்ளி, பின்னால் ஆள் நிற்கும் அளவுக்கு இடம்விட்டு, பலகை போட்டு உயர்த்த வேண்டும். சக்கரம் வைத்த உயர ஸ்டூல் இரண்டு வேண்டும், கழுத்தோரம், நெற்றி முடி எல்லாம் உட்கார்ந்தே வெட்டலாம். நிற்கும் இடத்தில் தடித்த ரப்பர் விரிப்பு வேண்டும். ஒரு தலைக்கும் அடுத்த தலைக்கும் நடுவே பத்து நிமிடம் வேண்டும்.

முதலாளியம்மா ஒரு காலத்தில் தானே கத்தரி பிடித்தவர். இப்போது முழங்கால் தேய்ந்து கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். அவர் நிதானமாகக் கேட்டார். "உட்கார்ந்து வெட்டுனா கஸ்டமர் என்னம்மா நினைப்பாங்க? சோம்பேறிக் கடைன்னு சொல்லுவாங்க. நாங்கல்லாம் நிக்கலையா?"

"நின்னீங்க மேடம். அதான் இப்ப மாடிப்படி ஏற முடியல."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. முதலாளியம்மா முன்பதிவு நோட்டை இழுத்துப் புரட்ட ஆரம்பித்தார். மூன்று நாள் கழித்து, இரண்டாவது நாற்காலிக்காரியும் இடுப்பு வலி என்று வராமல் போய், முன்பதிவுகளை ரத்து செய்யும்படி ஆனதும், பிளம்பருக்குப் போன் போட்டார். மனம் மாறியெல்லாம் போடவில்லை, ஆள் இல்லாமல்தான் போட்டார். எப்படியோ பேசின் சுவரைவிட்டு நகர்ந்தது.

எல்லாம் ஒழுங்காக நடந்துவிடவில்லை. முதலில் வாங்கிய விரிப்பு மெலிசு. ஓரம் சுருண்டு கிளம்பி ஒரு வயதானவர் தடுக்கி விழப் பார்த்தார். முதலாளியம்மா அதைத் தூக்கி வெளியே எறியச் சொல்லிவிட்டார். சரிவான ஓரம் வைத்த கனமான விரிப்பு வர இரண்டு வாரம் ஆயிற்று. ஸ்டூலில் முதலில் யாரும் உட்காரவில்லை. கண்ணாடியில் தான் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே கூச்சம். கடைசியில் நெட்டைதான் உட்கார்ந்தான். உட்கார்ந்தபடி ஒரு முழுத் தலை வெட்டி முடித்துவிட்டு, "பத்து வருஷமா கஸ்டமரோட உச்சந்தலையைத்தான் பாத்திருக்கேன். இவங்களுக்குக் காது இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரியுது" என்றான். அப்புறம் எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

நாற்காலி விஷயம்தான் வெட்கக்கேடு. ஐந்தும் பெடல் மிதித்தால் ஏறி இறங்குபவை. ஆனால் கண்ணாடி விளக்குக்கு நேராக முகம் வர வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் விட்டுவைத்திருந்தார்கள். ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு தலைக்கும் ஏற்ற மாதிரி, கை முழங்கைக்கும் மார்புக்கும் நடுவில் நிற்கும்படி மிதித்து ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பதைச் சார்ட்டக்கா சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றினாள். பெடல் எல்லாம் காலுக்குக் கீழேதான் இருந்தது, இத்தனை வருடமும்.

சார்ட் மாறியது. பேசினில் யாரும் தொடர்ந்து இரண்டு தலைக்கு மேல் அலசக் கூடாது. அலசியவர் அடுத்து உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் போக வேண்டும். முடியை நேராக்கும் மூன்று மணி நேர ஸ்ட்ரெய்ட்டனிங்கை இருவர் பாதி பாதியாகச் செய்ய வேண்டும். காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை பத்து நிமிடம், பின்னறையில் காலைத் தூக்கிவைத்து உட்கார வேண்டும். மஞ்சள் இனி அதற்கு மட்டும்தான்.

ஐந்தாவது வாரம் நெட்டை, ராத்திரி மாத்திரை போடாமல் தூங்கினேன் என்று வந்து சொன்னான். சார்ட்டக்கா தலையாட்டினாள். அவள் காத்திருந்தது வேறொருத்திக்காக.

ஆறாவது வாரம், டாக்டர் அரைநாள் பார்க்கலாம் என்றதும், தங்கை வந்தாள். மெலிந்திருந்தாள். காலில் இறுக்கமான நீளக் காலுறை. ஸ்டூலில் உட்கார்ந்து நெற்றி முடி வெட்டினாள். கை கொஞ்சமும் மறக்கவில்லை. முதல் நாள் மூன்று தலை, இரண்டாம் நாள் நான்கு. "எங்க போயிருந்தம்மா?" என்று ஒரு பெண்மணி உரிமையோடு கோபித்துக்கொண்டார். சார்ட்டக்கா அடுத்த நாற்காலியிலிருந்து கண்ணாடி வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் தங்கை சிரித்தாள். நிஜமான சிரிப்பு.

நான்காம் நாள் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை வந்து உட்கார்ந்தார். உயரமானவர். நாற்காலியை இறக்க வேண்டும். தங்கை எழுந்து வலது காலை பெடல்மேல் வைத்து அழுத்தினாள். பெடல் அசையவில்லை. மறுபடி அழுத்தினாள். பாதம் பெடலிலிருந்து நழுவித் தரையில் பொத்தென்று விழுந்தது. அது அவளுடைய பாதம்போலவே இல்லை. அவள் குனிந்து அதைப் பார்த்தாள். பிறகு இடது காலால் மிதித்து நாற்காலியை இறக்கி, ஆசிரியைக்குத் துண்டு கட்டி, முழுத் தலையையும் வெட்டி முடித்தாள். பின்கழுத்தை பிரஷ்ஷால் தட்டிவிட்டாள். ஆசிரியை போன பிறகு கல்லாவுக்கு நடந்தாள். வலது பாதத்தின் நுனி ஒவ்வொரு அடிக்கும் தரையை உரசியது. சலூன் முழுக்க அந்த உரசல் கேட்டது.

"மேடம், நாற்காலியை யாருக்காவது குடுத்துருங்க" என்றாள்.

அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஆபரேஷன் நடந்தது. வலி போனது. பாதத்தில் பலம் முழுசாகத் திரும்ப வரலாம், வராமலும் போகலாம், வருடக்கணக்காகும் என்றார்கள். நாள் முழுக்க நிற்கும் வேலையை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொன்னது மட்டும் தெளிவாக இருந்தது.

வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் சார்ட்டக்கா ஒரு தாளைக் கொண்டுவந்து தங்கையின் கட்டிலில் விரித்தாள். ராத்திரியெல்லாம் யோசித்திருந்தாள். உட்கார்ந்தே செய்யும் வேலை மட்டும், ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம், நெற்றி முடி மட்டும், பெடலை வேறு யாராவது மிதித்துக் கொடுப்பார்கள். நுணுக்கி நுணுக்கிக் கட்டம் போட்டிருந்தாள்.

தங்கை தாளை வாசித்தாள். மடித்தாள். அக்காவின் கையில் திருப்பி வைத்தாள்.

"நீ எனக்கு நல்லதுன்னுதான் போட்ட, தெரியும். கோவப்படக்கூட முடியல உம்மேல, அதுதான் கொடுமை." போர்வையைக் காலுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். "எனக்காக இன்னொரு சார்ட் போடாதக்கா."

இப்போது சலூனில் நான்கு பேர்தான். ஐந்தாவது நாற்காலிக்கு ஆள் கிடைக்கவில்லை. நான்கு பேரை வைத்து அந்தச் சார்ட்டை ஓட்டுவது லேசில்லை. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு எப்படிப் போட்டாலும் ஒருவர் தொடர்ந்து மூன்றாவது தலையை அலசியாக வேண்டும். சார்ட்டக்கா அந்தக் கட்டத்தை யார் பெயரும் எழுதாமல் விட்டாள். அந்த நேரத்துக்கு முன்பதிவு வாங்க வேண்டாம் என்று முதலாளியம்மாவிடம் சொன்னாள். பார்க்கலாம் என்றார் அவர்.

பார்க்கவில்லை, முன்பதிவு வாங்கிவிட்டார். சனிக்கிழமை நான்கு மணிக்குக் கலர் அலச ஒரு பெண்மணி தலையில் பிளாஸ்டிக் உறையோடு காத்திருந்தார். நெட்டை இரண்டு தலை முடித்துவிட்டுப் பின்னறையில் காலைத் தூக்கிவைத்து உட்கார்ந்திருந்தான். எழப் பார்த்தவனைச் சார்ட்டக்கா வாசலிலிருந்தே பார்வையால் உட்காரவைத்தாள். பெண்மணியிடம் போய், பத்து நிமிடம் பொறுக்க வேண்டும், அதிகமாக ஊறாது, முடிக்கு ஒன்றும் ஆகாது என்றாள். பெண்மணி கடிகாரத்தைப் பார்த்தார். முதலாளியம்மா கல்லாவிலிருந்து சார்ட்டக்காவைப் பார்த்தார்.

"ஆளுதான் இருக்கானே, ஏன் உட்கார வச்சிருக்க?"

"இன்னும் பத்து நிமிஷம் இருக்கு மேடம்."

அவ்வளவுதான் சொன்னாள். தன் நாற்காலிக்குத் திரும்பிப் பாதி வெட்டிய தலையில் சீப்பை வைத்தாள். கல்லாப் பக்கம் திரும்பாமல் கத்தரியைத் திறந்தாள்.